படுக்கையறைக் காற்றுக்கு இரண்டு எண்கள்

ஏசியைப் போட்டு, ஜன்னலை இறுகச் சாத்தி, குளிர் வெளியே போகாமல் கதவடியில் ஒரு பழைய துணியையும் செருகிவிட்டுப் படுக்கும் வீடுகள் இன்று ஏராளம். காலையில் எழும்போது தலை கனமாக இருக்கும், தூங்கியும் தூங்காததுபோல் இருக்கும். அந்த நேரத்தில் ஹாலிலிருந்து ஒருவர் அறைக்குள் நுழைந்தால் அவருக்குத்தான் அந்த அடைசல் வாடை தெரியும். உள்ளேயே கிடந்தவர்களின் மூக்கு அதற்குப் பழகிப் போயிருக்கும்.

காரணம் எளிது. நம் வீடுகளில் மாட்டியிருக்கும் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைத் துளிகூட உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் காற்றையே இழுத்து, குளிர்வித்து, ஈரம் பிழிந்து, திரும்ப அறைக்குள்ளேயே விடுகிறது. சுவருக்கு வெளியே இருக்கும் பெட்டியோடு அதை இணைக்கும் செம்புக் குழாய்களில் ஓடுவது குளிரூட்டும் வாயு மட்டுமே. எனவே எட்டு மணி நேரமும் நாம் விட்ட மூச்சையே நாம் திரும்ப இழுத்துக்கொண்டிருக்கிறோம். எவ்வளவு என்பதைக் கண்ணால் காண முடியாது. ஆனால் அளக்க முடியும். அளந்த எண்ணை வைத்து ஒரு விசிறியைத் தானாக ஓடவும் நிற்கவும் செய்ய முடியும். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

அளக்க வேண்டியது கார்பன் டை ஆக்சைடை. திறந்த வெளியில் காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 430 பங்கு அந்த வாயு இருக்கிறது. இதைத்தான் 430 பிபிஎம் என்கிறோம். நாம் வெளிவிடும் மூச்சில் அது 4 சதவீதத்தை ஒட்டி, அதாவது 40,000 பிபிஎம் அளவுக்கு இருக்கிறது. ஆகவே ஒரு மூடிய அறையில் இந்த எண் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்தால், அங்குள்ள காற்றில் எவ்வளவு பங்கு ஏற்கெனவே யாரோ ஒருவரின் நுரையீரலுக்குப் போய் வந்தது என்று கணக்கிட்டுவிடலாம். 1000 பிபிஎம் என்றால் எழுபது மூச்சுக்கு ஒரு மூச்சு பழைய காற்று. 3000 பிபிஎம் என்றால் பதினைந்துக்கு ஒன்று.

இந்த 1000 என்ற எண்ணுக்கு வயது அதிகம். ஜெர்மனியின் மியூனிக் நகரில் சுகாதாரவியலைத் தனித் துறையாக வளர்த்த மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர், 1858ஆம் ஆண்டிலேயே ஆட்கள் இருக்கும் அறையில் இந்த வாயு ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று எழுதினார். அந்த அளவில் அது விஷம் என்று அவர் சொல்லவில்லை. மனிதர்களிடமிருந்து வரும் வாடையும் மற்றக் கழிவுகளும் எவ்வளவு சேர்ந்திருக்கின்றன என்பதற்கு அதை ஓர் அடையாளமாகக் கொண்டார். இன்றும் அதை அப்படித்தான் பார்க்க வேண்டும். தொழிற்கூடங்களில் எட்டு மணி நேரப் பணிக்கு அமெரிக்காவில் அனுமதிக்கும் சராசரி 5000 பிபிஎம். எனவே காலையில் 2500 என்று காட்டினால் உயிருக்கு ஆபத்து என்று யாரும் பதற வேண்டாம். அறைக்குப் புதுக்காற்று வரவில்லை, அவ்வளவே. அடைசல், தலைபாரம், ஒருவரின் சளி வீட்டில் எல்லோருக்கும் தொற்றுவது ஆகியவை அந்தக் குறையோடு சேர்ந்து வருபவை.

இனி ஓர் அறையை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். கன அளவு 1200 கன அடி, அதாவது 34 கன மீட்டர். கணவன், மனைவி, ஒரு குழந்தை தூங்குகிறார்கள். தூங்கும் பெரியவர் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 13 லிட்டர் கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகிறார். குழந்தைக்கு 9 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 35 லிட்டர். 34 கன மீட்டர் என்பது 34,000 லிட்டர். அதில் 35 லிட்டர் சேர்ந்தால் எண் ஏறத்தாழ 1000 பிபிஎம் உயரும். அறை முற்றிலும் அடைபட்டிருந்தால் ஒவ்வொரு மணிக்கும் ஆயிரம் கூடிக்கொண்டே போகும் என்று பொருள்.

எந்த அறையும் அப்படி அடைபட்டதில்லை. ஏசிக் குழாய் நுழையும் துளை, நகரும் ஜன்னலின் தடம், கதவின் விளிம்பு என்று எங்காவது கொஞ்சம் காற்று கசியும். ஒரு மணி நேரத்தில் அறைக்காற்றில் கால் பங்கு அளவுக்கு வெளிக்காற்று கசிந்து வரும் இறுக்கமான அறையில், காலைக்குள் எண் 4000ஐத் தொட்டுவிடும். ஜன்னல் சற்றுத் தளர்ந்திருந்தால் 2500க்கும் 3000க்கும் இடையில் நிற்கும்.

இப்போது கேள்வியைத் திருப்பிப் போடலாம். 1000ஐத் தாண்டாமல் இருக்க எவ்வளவு புதுக்காற்று வேண்டும்? உள்ளே வரும் காற்று 450 பிபிஎம் என்றால், 1000க்கு இன்னும் 550 மீதி இருக்கிறது. அதாவது ஒவ்வொரு கன மீட்டர் புதுக்காற்றும் அரை லிட்டருக்குச் சற்று அதிகமாகச் சுமந்து வெளியேறும். 35 லிட்டரை வெளியேற்ற ஏறத்தாழ 64 கன மீட்டர் வேண்டும். மணிக்கு 64 கன மீட்டர் என்பது பெரிய அளவில்லை. குளியலறையில் மாட்டும் ஆறு அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் பெட்டியிலேயே 250 என்ற அளவு அச்சிட்டிருக்கும்.

அப்படியானால் அதை இரவு முழுக்க ஓடவிட்டால் போதாதா, சென்சார் எதற்கு? ஓடவிடலாம்தான். ஆனால் வெளியே தள்ளுவது நாம் காசு கொடுத்துக் குளிர்வித்த காற்று. அதற்கு ஈடாக உள்ளே வருவது சென்னையின் மே மாத இரவுக் காற்று, வெப்பத்தைவிட ஈரம் மிகுந்தது. மணிக்கு 75 கன மீட்டர் அப்படிப்பட்ட காற்று உள்ளே வந்தால் அதன் சூட்டையும் ஈரத்தையும் நீக்க ஏசிக்கு ஏறத்தாழ 600 வாட் அளவுக்குக் கூடுதல் குளிரூட்டும் வேலை. மின்சாரமாகப் பார்த்தால் எட்டு மணி நேரத்துக்கு ஒன்றரை யூனிட்டை ஒட்டி வரும். 250 கன மீட்டரையும் தள்ளினால் இதைப்போல் மூன்று மடங்குக்கு மேல். தேவையான அளவு மட்டும் காற்றை மாற்றுவதற்குத்தான் சென்சார்.

எந்தச் சென்சாரை வாங்குவது என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு 4.26 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியை விழுங்கும். நல்ல சென்சார்கள் இந்தக் குணத்தைத்தான் பயன்படுத்துகின்றன. MH-Z19, Senseair S8, SCD30 ஆகியவை ஒரு சிறு அறைக்குள் ஒளியைப் பாய்ச்சி, மறுமுனைக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்க்கின்றன. SCD40, SCD41 இரண்டும் அதே ஒளியை விழுங்கும்போது வாயுவில் எழும் மிக நுண்ணிய ஒலியைக் கேட்டு அளக்கின்றன. இவை எல்லாமே அந்த வாயுவையே நேரடியாக அளப்பவை.

MQ-135, CCS811, SGP30 ஆகியவை அப்படியில்லை. இவை காற்றிலுள்ள சாராய ஆவி, வாசனைத் திரவியம், ஹைட்ரஜன் போன்றவற்றை உணர்ந்து, அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடு இவ்வளவு இருக்கலாம் என்று ஊகித்து ஓர் எண்ணைத் தருகின்றன. திரையில் eCO2 என்று எழுதியிருந்தால் அது ஊகம். மலிவான மேஜைக் கருவிகள் பலவற்றுக்குள் இந்த வகைதான் இருக்கிறது. கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. கையில் சானிடைசரைத் தேய்த்துக்கொண்டு, மூச்சை அதன் பக்கம் விடாமல், கருவியின் அருகே கையை நீட்டுங்கள். எண் திடீரென்று ஆயிரக்கணக்கில் எகிறினால் அது கார்பன் டை ஆக்சைடை அளக்கவில்லை. அதை நம்பி விசிறியை இணைத்தால், கொசுவிரட்டி ஆவிக்கும் மல்லிகைப்பூவுக்கும் விசிறி ஓடும். மூவர் மூச்சுவிட்டு அறை அடைந்து கிடக்கும்போது சும்மா இருக்கும்.

உண்மையான சென்சாரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, அது மெல்ல வருவது. ஒளிவிளக்கு நாளாக ஆக மங்கும், அதனால் எண் நகரும். இதைச் சரிக்கட்ட, தானே அடிமட்டத்தைத் திருத்திக்கொள்ளும் ஏற்பாட்டைத் தயாரிப்பாளர்கள் உள்ளே வைத்திருக்கிறார்கள். MH-Z19 ஒரு நாள் முழுக்கக் கண்ட மிகக் குறைந்த எண்ணை எடுத்து, அதுதான் வெளிக்காற்று, அதாவது 400, என்று முடிவுசெய்கிறது. மற்றவை ஒரு வாரம் போலப் பார்த்துவிட்டு இதையே செய்கின்றன. தினமும் காலையில் ஜன்னலைத் திறந்துவைக்கும் வீட்டில் இது சரியாக வேலை செய்யும். பகலிலும் பூட்டியே கிடக்கும் அறையில், எண் 600க்குக் கீழே இறங்கவே இல்லை என்றால், அந்த 600ஐச் சென்சார் 400 என்று எடுத்துக்கொள்ளும். அன்றிலிருந்து எல்லா எண்ணும் 200 குறைவாகவே வரும். நீங்கள் 1000 என்று நினைத்து வைத்த வரம்பு உண்மையில் 1200 ஆகிவிடும், திரையில் எந்தத் தவறும் தெரியாது. அறை அப்படிப் பூட்டிக் கிடப்பதென்றால் இந்தத் தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிடுவதே நல்லது. பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை கருவியை மொட்டைமாடி நிழலில் அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். 400க்கும் 480க்கும் இடையில் காட்டினால் கவலையில்லை. இதைச் செய்யும்போது ஆட்கள் அருகில் நிற்கக் கூடாது, நாம் விடும் மூச்சே எண்ணைக் கெடுத்துவிடும்.

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்களுக்கு இன்னொன்று. கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே காற்றழுத்தம் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. ஒளிப்பாதையில் மூலக்கூறுகளும் அந்த அளவுக்குக் குறைவு. சென்சாருக்கு உயரத்தைச் சொல்லிவைக்காவிட்டால் 1000 இருக்கும் இடத்தில் 800க்கும் கீழே காட்டும். SCD40 வகையில் உயரத்தைப் பதிவுசெய்ய வசதி உண்டு.

கருவியை எங்கே வைப்பது? தலையணைக்கு அருகில் வைத்தால் ஒருவரின் மூச்சை நேரடியாக அளக்கும். ஏசிக் காற்று அடிக்கும் இடத்திலும், புதுக்காற்று நுழையும் கதவோரத்திலும் வேண்டாம். கட்டிலிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி, சுவரில் இடுப்பு அல்லது மார்பு உயரத்தில் இருந்தால் போதும். இந்த வாயு கனமானது, தரையில்தான் தங்கும் என்று சிலர் சொல்வார்கள். மூச்சோடு சூடாக வெளிவந்து, ஏசியும் மின்விசிறியும் கலக்கும் அறைக்காற்றில் அப்படித் தங்க வழியில்லை.

அடுத்தது விசிறி. படுக்கையறைச் சுவரில் புதிதாகத் துளை போடாமல் முடிக்க ஒரு வழி, ஒட்டியிருக்கும் குளியலறையின் எக்ஸாஸ்ட் ஃபேனையே பயன்படுத்துவது. குளியலறைக் கதவை ஒரு சாண் திறந்துவைத்தால், விசிறி படுக்கையறைக் காற்றைக் குளியலறை வழியே இழுத்து வெளியே தள்ளும். காற்று அந்தத் திசையில் போவதால் குளியலறை வாடையும் அறைக்குள் வராது.

ஆனால் வெளியேறும் காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வர வேண்டும். வர வழி இல்லையென்றால் விசிறி சத்தமாகச் சுற்றும், காற்று நகராது. இந்தச் சிறு விசிறிகளுக்கு எதிரழுத்தத்தைத் தாங்கும் வலு மிகக் குறைவு. படுக்கையறைக் கதவடியில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி போதாது. இரண்டு சென்டிமீட்டர் இருந்தால் மணிக்கு நூற்றுச் சொச்சம் கன மீட்டர் வரும். கதவடித் துணியை எடுத்துவிடுங்கள். ஹாலில் ஒரு ஜன்னல் திறந்திருக்கட்டும், இல்லையென்றால் ஹாலின் பழைய காற்றைத்தான் அறைக்குள் இழுத்துக்கொண்டிருப்போம்.

இதில் ஓர் எச்சரிக்கையை உரக்கச் சொல்ல வேண்டும். அந்தக் குளியலறையிலோ அதை ஒட்டியோ கேஸ் கீசர் இருந்தால் இந்த ஏற்பாடு வேண்டாம். விசிறி உண்டாக்கும் இழுப்பு, எரிந்த வாயுவைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவரக்கூடும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். கார்பன் டை ஆக்சைடு சென்சாருக்கு அந்த வாயு கண்ணிலேயே படாது. எண் ஒழுங்காக இருக்கிறதே என்று நம்பியிருக்கவும் கூடாது.

விசிறி உண்மையில் எவ்வளவு காற்றைத் தள்ளுகிறது என்பதைப் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை வைத்து முடிவுசெய்யாதீர்கள். சென்சாரே சொல்லிவிடும். காலையில் எண் உயர்ந்திருக்கும்போது எல்லோரும் அறையைவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு விசிறியைப் போடுங்கள். நம் அறையில் 2050 இருக்கிறது, ஹாலில் 450. மிகுதி 1600. இந்த மிகுதி பாதியாக, அதாவது 800 ஆக, திரையில் 1250 வர வேண்டும். அதற்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். 12 நிமிடம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். 42ஐ அந்த நிமிடத்தால் வகுத்தால் மணிக்கு எத்தனை முறை அறைக்காற்று மாறுகிறது என்பது கிடைக்கும். 42ஐ 12ஆல் வகுத்தால் 3.5. அறையின் கன அளவு 34ஆல் பெருக்கினால் 119. ஆக 250 என்று அச்சிட்ட விசிறி இந்த வீட்டில் ஏறத்தாழ 120தான் தள்ளுகிறது. இது மோசமில்லை, நமக்கு வேண்டியது 64தான். பாதியாக ஒரு மணி நேரம் ஆகிறது என்றால், விசிறியை மாற்றும் முன் காற்று உள்ளே வரும் வழியைப் பாருங்கள். பெரும்பாலும் குறை அங்கேதான் இருக்கும்.

இனி வரம்புகள். ஒரே எண்ணை வைத்து, 1000க்கு மேல் ஓடு, கீழே வந்தால் நில் என்று சொன்னால் விசிறி நிம்மதியாக ஓடாது, நிம்மதியாக நிற்கவும் செய்யாது. சென்சாரின் எண் அடுத்தடுத்த நிமிடங்களில் பத்து இருபது மேலும் கீழும் ஆடும். 1003 என்றால் ஓடும், 996 என்றால் நிற்கும். இரவெல்லாம் ரிலே டிக் டிக் என்று அடிக்கும், அதன் முனைகளும் கருகும். ஆகவே இரண்டு எண்கள் வேண்டும், ஓடத் தொடங்க ஒன்று, நிற்க அதைவிடக் கீழே ஒன்று. இடையில் இருக்கும்போது எது நடந்துகொண்டிருந்ததோ அதுவே தொடர வேண்டும். வீட்டுச் சென்சார்களில் 1000 என்ற அளவில் நூறு வரை பிழை இயல்பு. எனவே இரண்டு எண்களுக்கும் இடையே 200க்குக் குறையாமல் விடுவது நல்லது.

பெரும்பாலோர் தவறுவது கீழ் எண்ணில். நல்ல காற்றுதானே வேண்டும் என்று 600 அல்லது 700 என்று வைத்துவிடுகிறார்கள். நம் அறையில் என்ன ஆகும் என்று பாருங்கள். மூவரும் மணிக்கு 35 லிட்டர் விடுகிறார்கள், விசிறி 120 கன மீட்டர் தள்ளுகிறது. 35ஐ 120ஆல் வகுத்தால் ஒரு கன மீட்டருக்கு 0.29 லிட்டர், அதாவது 290 பிபிஎம். வரும் காற்றின் 450ஐக் கூட்டினால் 740. விசிறி எவ்வளவு நேரம் ஓடினாலும், மூவரும் உள்ளே இருக்கும்வரை, எண் 740க்குக் கீழே இறங்கவே இறங்காது. இதுதான் அந்த அறையின் தரை. நிற்கும் வரம்பு 700 என்றால் விசிறி ஒருமுறை ஓடத் தொடங்கிய பிறகு விடியும்வரை நிற்காது. சென்சாரும் ரிலேயும் வாங்கியது வீண்.

800 என்று வைத்தால் நிற்கும், ஆனால் தரைக்கு அருகில் வரவர எண் மிக மெதுவாக இறங்கும். 1000இலிருந்து 800க்கு வர 25 நிமிடம், நின்ற பிறகு மறுபடி 1000க்கு ஏற 13 நிமிடம். மூன்றில் இரண்டு பங்கு நேரம் விசிறி ஓடும். மேல் எண்ணை 1100 என்றும் கீழ் எண்ணை 850 என்றும் வைத்தால், 20 நிமிடம் ஓடும், 17 நிமிடம் நிற்கும். என் தேர்வு இதுதான். 1000க்கும் 1100க்கும் இடையே தூங்குபவருக்கு வேறுபாடு தெரியாது. ஏசிக்கு வேலை குறையும், விசிறிச் சத்தமும் குறையும். ஊரிலிருந்து பாட்டி வந்து அதே அறையில் படுத்தால் மொத்தம் 48 லிட்டர் ஆகும், தரை 850க்கு ஏறிவிடும். அன்று விசிறி நிற்காமல் ஓடும். அது கோளாறு இல்லை, நான்கு பேருக்கு அந்த விசிறி அவ்வளவு ஓடத்தான் வேண்டும்.

உங்கள் அறையின் தரையைக் கணக்குப் போடாமலும் கண்டுபிடிக்கலாம். ஓர் இரவு விசிறியை நிறுத்தாமல் ஓடவிட்டு, விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு எண் எங்கே மேலும் இறங்காமல் நிற்கிறது என்று பதிவில் பாருங்கள். அதோடு நூறைக் கூட்டினால் நிற்கும் வரம்பு. அதோடு மேலும் இருநூற்றைம்பதைக் கூட்டினால் ஓடும் வரம்பு. அந்தத் தரையே 1100க்கு மேல் என்றால், வரம்பை எப்படி மாற்றினாலும் பயனில்லை. காற்று வரும் வழியை அகலப்படுத்த வேண்டும், அல்லது விசிறி பெரிதாக வேண்டும்.

இதைச் செய்துமுடிக்க ஒரு இஎஸ்பி32 பலகை, ஒரு MH-Z19, ஒரு ரிலே போதும். ESPHome என்ற இலவச மென்பொருளில் எழுத வேண்டிய முக்கியப் பகுதி இவ்வளவே:

```yaml
uart:
  rx_pin: GPIO16
  tx_pin: GPIO17
  baud_rate: 9600

switch:
  - platform: gpio
    pin: GPIO26
    id: exhaust_fan
    name: "Exhaust Fan"

sensor:
  - platform: mhz19
    co2:
      name: "Bedroom CO2"
      filters:
        - sliding_window_moving_average:
            window_size: 5
            send_every: 1
      on_value_range:
        - above: 1100
          then:
            - switch.turn_on: exhaust_fan
        - below: 850
          then:
            - switch.turn_off: exhaust_fan
    update_interval: 60s
    automatic_baseline_calibration: false
```

நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணை வாங்குகிறது. கடைசி ஐந்து எண்களின் சராசரியை எடுப்பதால், ஒருவர் கருவியின் அருகே நின்று பேசினாலும் விசிறி உடனே பாயாது. 1100ஐத் தாண்டினால் ஓடுகிறது, 850க்குக் கீழே போனால் நிற்கிறது. கடைசி வரி தானியங்கித் திருத்தத்தை அணைக்கிறது. தினமும் ஜன்னல் திறக்கும் வீடென்றால் அதை true என்று மாற்றிக்கொள்ளலாம். விசிறிக்குப் போவது 230 வோல்ட் என்பதால் ரிலேயிலிருந்து விசிறிவரையான இணைப்பை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். பழைய சுவர் ஸ்விட்சையும் எடுத்துவிடாதீர்கள். ரிலே பழுதானால் கையால் போட அது வேண்டும்.

கோளாறுகளை இரவுப் பதிவின் கோட்டைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். ஆட்கள் இருக்கும் அறையில் எண் தரையில் நிற்கும்போதுகூடச் சற்று மேலும் கீழும் ஆடிக்கொண்டேதான் இருக்கும். கோடு துளியும் அசையாமல் மணிக்கணக்கில் ஒரே எண்ணில் கிடந்தால் சென்சாரோ கம்பி இணைப்போ போய்விட்டது. அப்போது விசிறி ஓடும் நிலையிலேயே இருப்பதுதான் பாதுகாப்பு. பத்து நிமிடம் புது எண் வராவிட்டால் விசிறியைப் போடு என்று ஒரு கட்டளையைக் கூடவே எழுதிவைக்கலாம். விசிறி ஓடியும் எண் ஏறிக்கொண்டே போனால் காற்றின் வழி அடைபட்டிருக்கிறது. யாரோ குளியலறைக் கதவைச் சாத்தியிருப்பார்கள், அல்லது விசிறியின் வெளிமூடி தூசியில் ஒட்டித் திறக்காமல் இருக்கும். ஜன்னலைத் திறந்துவைத்த, ஆளில்லாத அறையிலும் எண் வெளிக்காற்றின் அளவுக்கு இறங்கவே இல்லை என்றால் அடிமட்டம் நகர்ந்துவிட்டது, மொட்டைமாடிச் சோதனைக்கு நேரமாகிவிட்டது. விசிறி ஓடத் தொடங்கியதும் சாக்கடை வாடை வந்தால் குளியலறைத் தரைப்பொறியில் தண்ணீர் வற்றிப்போயிருக்கும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் தீரும்.

இந்த எண் சொல்லாதவையும் இருக்கின்றன. கொசுவர்த்திச் சுருளின் புகை, ஊதுபத்தி, சாலைத் தூசி எதுவும் இதில் தெரியாது. அறையில் சுருள் ஏற்றிவைத்துவிட்டு 800 என்று காட்டுவதைப் பார்த்துக் காற்று சுத்தம் என்று எண்ணக் கூடாது. வெளிக்காற்று எப்போதும் நல்ல காற்று என்றும் இல்லை. போகி விடியற்காலையிலும் தீபாவளி இரவிலும் விசிறி உள்ளே இழுத்துவருவது புகைதான். அன்று சில மணி நேரம் 2000 வரை ஏறவிடுவது, அந்தப் புகையைச் சுவாசிப்பதைவிட மேல். அதற்காகவே ரிலேயை அணைத்துவைக்க ஒரு வழி இருக்கட்டும். சமையலறையில் இந்த வரம்புகள் பொருந்தா. கேஸ் அடுப்பு எரிந்தாலே எண் ஏறும், அங்கே சமைக்கும் நேரம் முழுக்க விசிறி ஓடுவதுதான் சரி.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கிவிட வேண்டாம். முதலில் சென்சாரை மட்டும் வாங்கி ஒரு வாரம் அறையில் வைத்து, தினமும் காலை எழுந்தவுடன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 1100க்குக் கீழேயே இருந்தால் உங்கள் ஜன்னலும் கதவும் போதுமான வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன, ரிலேயும் விசிறியும் தேவையில்லை. 2000ஐத் தாண்டியிருந்தால், மறுநாள் இரவு கதவடித் துணியை எடுத்துவிட்டு, குளியலறை விசிறியைக் கையாலேயே போட்டுப் பாருங்கள். காலையில் எண் இறங்கியிருந்தால், அதன் பிறகு ரிலேயை வாங்குங்கள்.